பழைய பீங்கான் சுவிட்சும் இன்சுலேட்டரும்: வயதைக் கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், பழைய வீடு இடிக்கும் இடங்களிலும் நான் தேடிப் போவது பீங்கான் அடித்தட்டு வைத்த சுவிட்சுகளையும் இன்சுலேட்டர்களையும்தான். பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கிடைப்பது இங்கிலாந்துச் சரக்கு என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

இதெல்லாம் என்ன சாமான்? எங்க வீட்டுலயும் இருக்குமா?

ஐம்பது, அறுபது ஆண்டுக்கு முன் வயரிங் செய்த வீடாக இருந்தால் பரணிலோ தொழுவத்திலோ ஏதாவது இருக்கும். சுவரில் வட்டமான மரக்கட்டை, அதன் மேல் உருண்டையான பித்தளை மூடி, நடுவில் மேலும் கீழும் தள்ளுகிற சிறு குமிழ். இதுதான் டம்ளர் சுவிட்சு. மூடியைத் திருகிக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பீங்கான் தட்டில் பித்தளைத் தகடுகளும் ஸ்பிரிங்கும் உட்கார்ந்திருக்கும். கூரை விட்டத்தில் இரண்டு ஒயரை இறுக்கிப் பிடிக்கும் பீங்கான் கிளீட்டுகள், மீட்டருக்குப் பக்கத்தில் பீங்கான் பியூஸ் கட்டைகள், கம்பத்தில் மணி போலக் கவிழ்ந்திருக்கும் இன்சுலேட்டர் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இவற்றில் வயது சொல்லச் சுலபமானது சுவிட்சு, அடுத்து இன்சுலேட்டர். கிளீட்டில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது. பல பத்தாண்டுகள் ஒரே அச்சில் அடித்ததால் அதைத் தனியாக வைத்து வயது சொல்ல முடியாது. எந்த வீட்டில், எந்த சுவிட்சோடு சேர்ந்து வந்தது என்று குறித்து வைத்தால்தான் அதற்கு ஒரு வரலாறு கிடைக்கும்.

கடைக்காரர் நூத்தி இருபது வருஷம் பழசுன்னு சொல்றாரே, நம்பலாமா?

அந்த ஊருக்கு மின்சாரம் எப்போது வந்தது என்பதை முதலில் பாருங்கள். பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் 1937இல் வந்தது. தமிழ்நாட்டின் உள்ளூர்கள் பலவற்றுக்கு அதன் பிறகுதான் கம்பி போனது. சென்னை போன்ற பெரிய நகரங்களும், சொந்த டைனமோ வைத்திருந்த ஆலைகளும் எஸ்டேட்டுகளும் முந்திக்கொண்டன. ஆகவே ஒரு சிற்றூர் வீட்டிலிருந்து நேராக வந்த சுவிட்சை 1900 என்று சொன்னால், அந்த வீட்டுக்கு அப்போது கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

தந்தி இன்சுலேட்டரின் கதை வேறு. தந்திக் கம்பி 1850களிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. வீட்டு மின்சாரத்தை வைத்து அதை அளக்கக் கூடாது.

முத்திரை எங்கே இருக்கும்? எனக்கு ஒண்ணுமே தெரியலையே.

சுவிட்சில் மூன்று இடம் பாருங்கள்: மூடியின் உள்பக்கம், பீங்கான் தட்டின் மேல்பக்க ஓரம், தட்டைக் கட்டையிலிருந்து கழற்றினால் தெரியும் அடிப்பக்கம். பலர் மூன்றாவதைப் பார்ப்பதே இல்லை. எண்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. நூறாண்டு அழுக்கு எழுத்தின் பள்ளத்தை அடைத்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டார்ச்சைத் தட்டுக்கு இணையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாத எழுத்து, பக்க வெளிச்சத்தின் நிழலில் எழுந்து வரும். அதற்கும் வராவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்க வைத்துத் தேயுங்கள்.

இன்சுலேட்டரில் தலைப்பகுதியிலும் தோளிலும் பாருங்கள். ஈரக் களிமண்ணில் அழுத்திய முத்திரை பள்ளமாக இருக்கும், பூச்சு அதற்குள்ளும் வழிந்து உறைந்திருக்கும். மையில் அச்சடித்தது பூச்சுக்கு அடியில் இருந்தால் நகத்துக்குத் தட்டுப்படாது. சுரண்டினால் வருகிற எழுத்து சூளைக்குப் போய்வந்த பிறகு போட்டது. அதைக் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்கள்.

பேட்டண்ட் நம்பர்னு ஒண்ணு இருக்கு. அதை வச்சு வருஷம் சொல்ல முடியுமா?

முடியும். நம் கையில் இருக்கும் சாட்சிகளில் இதுவே வலுவானது. பிரிட்டனில் 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் பேட்டண்ட் எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். 1916 முதல் 1,00,001இல் ஆரம்பித்து ஒரே வரிசையாக ஓட விட்டார்கள். அதனால் ஆறு இலக்க எண் இருந்தால் அது 1916 அல்லது அதற்குப் பிறகு. ஏறத்தாழ 1,37,000 என்றால் 1920இன் தொடக்கம், 2,26,500 என்றால் 1925, 3,23,000 என்றால் 1930.

ஐந்து இலக்கமோ அதற்குக் குறைவோ இருந்தால் பக்கத்தில் ஆண்டு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டில்லாத 14,000 என்ற எண்ணுக்குப் பொருளே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு 14,000 உண்டு. ‘சின்ன நம்பர், ரொம்பப் பழசு’ என்று சொல்லி விற்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்ல இடமில்லை.

அப்போ அந்த வருஷத்துலதான் சுவிட்சு செஞ்சாங்கன்னு அர்த்தமா?

இல்லை. அதற்கு முன் செய்திருக்க முடியாது என்றுதான் அர்த்தம். காப்புரிமை வாங்கிய பிறகு அதே எண்ணைத் தாங்கி ஆண்டுக்கணக்கில் சரக்கு வந்துகொண்டே இருக்கும். பிரிட்டிஷ் பேட்டண்ட் அந்தக் காலத்தில் 16 ஆண்டு செல்லுபடி. அச்சை மாற்றச் செலவு என்பதால் காலாவதிக்குப் பிறகும் எண்ணை அப்படியே விட்டிருக்கலாம். எண் கீழ் எல்லையைக் காட்டும். மேல் எல்லையை வேறு இடத்தில்தான் தேட வேண்டும்.

‘ஆர் டி’ன்னு போட்டு ஒரு நம்பர் இருக்கு. அது வேறயா?

வேறு. அது வடிவத்தின் பதிவு எண், உள்ளே இருக்கும் இயக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1884இல் ஒன்றிலிருந்து தொடங்கி அறுபடாமல் ஓடிய வரிசை. 1900இல் ஏறத்தாழ 3,51,000, 1910இல் ஐந்தரை லட்சம், 1920இல் 6,73,000க்கு மேல், 1930இல் 7,51,000 என்று வைத்துக்கொண்டால் இடைப்பட்டவற்றைக் கணக்கிடலாம்.

இரண்டு வரிசையும் ஆறு இலக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். 3,50,000 என்ற எண்ணைப் பேட்டண்ட் வரிசையில் பார்த்தால் 1930களின் தொடக்கம். வடிவப் பதிவு வரிசையில் பார்த்தால் 1900ஐ ஒட்டி. முன்னால் இருக்கும் இரண்டு சிறிய எழுத்துகளைத் தவறவிட்டால் முப்பதாண்டு பிசகும்.

நம்பரே இல்லை. வெறும் சுவிட்சுதான். என்ன செய்றது?

தட்டிப் பாருங்கள். ‘டக்’கென்று ஸ்பிரிங் இழுத்து நகர்கிறதா, அல்லது விரல் தள்ளுகிற வேகத்துக்கே தகடு நகர்கிறதா? சட்டென்று விலகும் சுவிட்சை நியூகாசிலைச் சேர்ந்த ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் கண்டுபிடித்தார். அதன் காரணம் நேர்மின்சாரம். தகடுகள் மெதுவாகப் பிரிந்தால் நடுவில் தீப்பொறி வில்லாக நீண்டு எரியும், தகடு கருகும். மாறுமின்சாரம் வினாடிக்கு நூறு முறை பூச்சியத்தைத் தொடுவதால் அந்த வில் தானே அணையும். நேர்மின்சாரத்தில் அப்படி அணையாது. அதனால் அகலமான இடைவெளியும் முரட்டு ஸ்பிரிங்கும் உள்ள சுவிட்சு நேர்மின்சாரத்தை மனத்தில் வைத்துச் செய்தது. ‘ஏசி ஒன்லி’ என்று எழுதிய, மெல்லச் சொடுக்கும் சுவிட்சு மிகப் பிந்தியது.

அடுத்து குமிழ். பித்தளைக் குமிழ் முந்தியது, ஆனால் விலை உயர்ந்த வகைகளில் நெடுங்காலம் தொடர்ந்தது. பழுப்பு அல்லது கறுப்பு பேக்லைட் குமிழோ மூடியோ இருந்தால் கீழ் எல்லை கிடைத்துவிடுகிறது. பேக்லைட் காப்புரிமை 1909இல்தான் வந்தது, சுவிட்சுகளில் அது பரவியது 1920களில். பேக்லைட்தானா என்று அறியக் கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள், பினாயில் போன்ற வாடை வரும். பளிச்சென்ற வெள்ளைப் பிளாஸ்டிக் அதற்கும் பிந்தியது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் பேச்சே இல்லை. அந்த முத்திரைக்கான சட்டமே 1952இல்தான் வந்தது.

இன்சுலேட்டர் எல்லாம் ஒரே மணி மாதிரிதானே இருக்கு? வடிவத்துல என்ன தெரியும்?

கவிழ்த்து உள்ளே பாருங்கள். கீழே விரியும் பகுதியைப் பாவாடை என்றே சொல்லிக்கொள்கிறோம். ஒரு பாவாடைக்குள் இன்னொரு பாவாடை இருந்தால் அது 1861இல் கிராம்வெல் வார்லி காப்புரிமை பெற்ற இரட்டைக் கிண்ண முறையின் வழிவந்தது. மழையில் வெளிப்பாவாடை நனைந்தாலும் உள்பாவாடை உலர்ந்தே இருக்கும். கம்பியிலிருந்து இரும்புத் தண்டுக்கு மின்சாரம் கசிய வேண்டுமென்றால் மேலும் கீழுமாக நீண்ட வழி போக வேண்டும்.

பிறகு தண்டு நுழையும் துளை. முற்காலத்தில் தண்டைச் சிமெண்டு போட்டு ஒட்டினார்கள். பீங்கான் உடைந்தால் தண்டும் வீண். பீங்கானுக்குள்ளேயே திருகுப் புரி வெட்டி, தண்டில் திருகி ஏற்றும் கார்டோ முறை 1870களின் பிற்பகுதியில் வந்தது. ஆகவே பிரிட்டிஷ் தந்தி இன்சுலேட்டரின் உள்ளே தடித்த, வளைந்த புரி இருந்தால் அதற்கு முன் போகாதீர்கள். விரலை உள்ளே விட்டுத் தடவினாலே புரி தெரியும்.

பழுப்பு கலர்னா பழசு, வெள்ளைன்னா புதுசுன்னு சொல்றாங்களே?

தவறு. இரண்டும் அடுத்தடுத்து வாழ்ந்தவை. தந்திக்கும் வீட்டுக்கும் வெள்ளை அதிகம், உயர்மின் கம்பிகளுக்குப் பழுப்பு அதிகம். பழுப்பு நிறம் இரும்பும் மாங்கனீசும் கலந்த பூச்சால் வருவது. இன்றும் அதையே பூசுகிறார்கள்.

ஆனால் ஒரு பழுப்பு உண்மையிலேயே பழையது. அது பீங்கானே அல்ல, கல்மண் பாண்டம். டெர்பிஷயரின் டென்பியில் போர்ன் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தந்தி இன்சுலேட்டர்களை அப்படிச் செய்தது. வித்தியாசம் உடைந்த வாயில் தெரியும். பீங்கான் உடைந்த இடம் கண்ணாடிபோல் வழுவழுப்பாக வெள்ளையாக இருக்கும். கல்மண் சாம்பலோ மங்கிய மஞ்சளோ, மணல் போலக் கரடாக இருக்கும். விளிம்பில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருப்பது இந்த ஒரு காரியத்துக்கு நல்லதே.

பூச்சில் நான் பார்ப்பது நிறத்தை அல்ல, பூச்சு இல்லாத இடத்தை. சூளையில் எதன் மேல் உட்கார்ந்து வெந்ததோ அந்த இடத்தில் பூச்சு இருக்கக் கூடாது, இருந்தால் அடியோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சற்ற வளையம் தலையில் இருக்கிறதா, பாவாடை விளிம்பில் இருக்கிறதா என்பது பட்டறைக்குப் பட்டறை மாறும். ஒரே முத்திரை கொண்ட இரண்டை ஒப்பிட இது உதவும். தனியாக வயது சொல்லாது.

பூச்சுல மெல்லிசா வலை மாதிரி வெடிப்பு. அது வயசாலதானே?

பெரும்பாலும் பொருத்தமின்மையால். ஆறும்போது பூச்சு உடலைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுபட்டு வெடிக்கும். அது சூளையை விட்டு வந்த வாரத்திலேயே நடக்கலாம், ஈரம் ஏறி ஐம்பதாண்டு கழித்தும் நடக்கலாம். வேண்டுமென்றே வெடிப்பு உண்டாக்கித் தேயிலைச் சாயம் ஏற்றுகிறவர்களும் உண்டு. இயல்பான அழுக்கு, தொட்ட இடத்திலும் தூசி தங்கும் குழியிலும் கூடுதலாக இருக்கும். எல்லா வெடிப்பிலும் ஒரே அளவு பழுப்பு இருந்தால் கீழே வையுங்கள்.

ஒரு சுவிட்சை எடுத்து நீங்க எப்படிப் பார்ப்பீங்கன்னு முழுசா சொல்லுங்க.

சிவகங்கைப் பக்கத்து வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்தது. வட்டத் தேக்குக் கட்டை, மங்கிய பித்தளை மூடி, பித்தளைக் குமிழ். வெளியே எழுத்து எதுவும் இல்லை. கடையில் ‘1900’ என்றார்கள். தட்டைக் கட்டையிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தில் பக்க வெளிச்சம் பிடித்தேன். ‘மேட் இன் இங்கிலாந்து’, கீழே 231 என்று தொடங்கும் ஆறு இலக்கப் பேட்டண்ட் எண், அதற்கும் கீழே ஆர் டி போட்டு 712 என்று தொடங்கும் எண். பேட்டண்ட் வரிசையில் 1925. வடிவ வரிசையிலும் 1925. தனித்தனியாக ஓடும் இரண்டு கணக்கும் ஒரே ஆண்டில் வந்து நின்றதால் படித்தது சரி என்ற தைரியம் வந்தது. 1900 அத்தோடு போயிற்று.

மேல் எல்லையை வீடே கொடுத்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு கல்யாணப் படம், அட்டையில் 1937 என்று எழுதியது. மணமக்கள் நிற்கும் கதவுக்குப் பக்கத்தில் அதே வட்டக் கட்டையும் உருண்டை மூடியும் தெரிந்தன. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது கட்டையின் ஓரத்தில் இருந்த சின்ன வெட்டு படத்திலும் இருந்தது. ஆகவே 1925க்கும் 1937க்கும் நடுவில். அதற்கு மேல் நெருங்க என்னிடம் சாட்சி இல்லை, அதனால் சீட்டில் அப்படியேதான் எழுதி வைத்திருக்கிறேன்.

‘மேட் இன்’ன்னு நாட்டுப் பேரு மட்டும் இருந்தா உபயோகமா?

நாடே பிறந்து மறைந்திருந்தால் நல்ல உபயோகம். ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றால் 1918க்கு முன் இல்லை. ‘மேற்கு ஜெர்மனி’ என்றால் 1949க்குப் பிறகு. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் போருக்குப் பிந்தைய சில ஆண்டுகள், 1952க்குள். வெறும் ‘இங்கிலாந்து’, ‘ஜப்பான்’ என்பதிலிருந்து இவ்வளவு தெரியாது. ஹான்லியின் புல்லர்ஸ், டெய்லர் டன்னிக்ளிஃப் போன்ற பெயர்கள் பட்டறையைக் காட்டும். ஆனால் அவை பல பத்தாண்டுகள் உழைத்தவை என்பதால் பெயரோடு வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்ப புதுசா செஞ்சதைப் பழசுன்னு விக்கிறாங்களாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பித்தளை மூடி சுவிட்சுகள் இன்று அலங்காரத்துக்காகப் புதிதாகவே வருகின்றன. அப்படியே சொல்லி விற்றால் குற்றமில்லை. மூடியைக் கழற்றுங்கள். அடித்தட்டு பிளாஸ்டிக் என்றால் முடிந்தது. நட்சத்திரத் தலைத் திருகு இருந்தால் அந்தத் திருகாவது 1930களின் நடுப்பகுதிக்குப் பிந்தியது.

கொஞ்சம் நுணுக்கமானது புரி. பழைய பிரிட்டிஷ் சுவிட்சுகளில் பிஏ என்ற, மெட்ரிக்கோடு ஒத்துவராத பிரிட்டிஷ் அளவுத் திருகுகள் இருக்கும். 4 பிஏ திருகின் விட்டம் 3.6 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கும் 4 மில்லிமீட்டர் திருகு அந்தத் துளையில் ஏறாது. முழுத் திருகும் மெட்ரிக் அளவில் சுகமாக ஏறினால் பொருள் புதிது, அல்லது யாரோ துளையைப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள்.

எல்லாம் பழசாத்தான் தெரியுது, ஆனா ஏதோ பொருந்தலை. ஏன்?

இரண்டு மூன்று சுவிட்சுகளை உடைத்து ஒன்றாக்கியிருப்பார்கள். பெரும்பாலும் ஏமாற்ற அல்ல. அந்தக் கால எலக்ட்ரீசியனே உடைந்த மூடிக்குக் கையில் இருந்ததைப் போட்டிருப்பார். மூடிக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள நிழல் வளையத்தைப் பாருங்கள். நெடுங்காலம் ஒன்றாக இருந்தால் கட்டையில் மூடி மறைத்த இடம் வெளிர் நிறமாக, மூடியின் அளவிலேயே இருக்கும். வளையம் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் மூடி மாறியிருக்கிறது. அப்படிப்பட்டதற்கு ஒரே வயது எழுதாமல், தட்டுக்கு ஒன்று மூடிக்கு ஒன்று என்று எழுதுங்கள்.

எப்படிச் சுத்தம் பண்றது? புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வருமே.

வரும், கூடவே பழைய மெருகும் அரக்குப் பூச்சும் போய்விடும். பித்தளையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பீங்கானைப் பிரித்தெடுத்து மிதமான சோப்பு நீரில் கழுவலாம். கம்பி நார் மட்டும் வேண்டாம், அதன் கீறலில் இரும்புத் துகள் தங்கிக் கறுப்புக் கோடாகும். பேக்லைட்டை ஊறவைத்தால் மேல்மெருகு போய் மங்கிவிடும்.

பியூஸ் கட்டையைத் திறந்ததும் உள்ளே வெள்ளைக் கயிறு போலவோ பஞ்சுத் தகடு போலவோ இருந்தால் கை வைக்காதீர்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். ஊதவும் பிரஷ் போடவும் கூடாது. அப்படியே உறையிலிட்டு ஒட்டி வையுங்கள்.

மறுபடியும் சுவர்ல மாட்டி உபயோகிக்கலாமா?

வீட்டு மின்சாரத்தில் வேண்டாம். பித்தளை மூடிக்கு எர்த் இணைப்பு கிடையாது. உள்ளே ஒரு ஸ்பிரிங் உடைந்து மூடியைத் தொட்டால், தொடுகிற கைக்கு முழு 230 வோல்ட்டும் வரும். சுவரில் மாட்ட ஆசையென்றால் 12 வோல்ட் பேட்டரி விளக்கோடு இணைத்துக்கொள்ளுங்கள். அதே ‘டக்’ சத்தம் கேட்கும்.

ஊருக்கு வெளியே பழைய கம்பத்துல இன்சுலேட்டர் சும்மா கிடக்கு. கழட்டிக்கலாமா?

கூடாது. கைவிட்டது போலத் தெரியும் கம்பியிலும் மின்சாரம் இருக்கக்கூடும், கம்பமும் மின்வாரியத்துக்கோ ரயில்வேக்கோ சொந்தம். கழிவாக ஏலம் விட்ட பிறகு இரும்புக் கடைக்கு வரும்போது வாங்குங்கள். அப்போது எந்த லைனிலிருந்து வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள், இரண்டாம் நாள் கேட்டால் கடைக்காரருக்கே ஞாபகம் இருக்காது.